நாய்க்கு ஏணி போட்டீர்கள், தண்ணீர்க் குழாய்க்குப் போடவில்லையே!

வாசகர் கடிதம்

எனக்கு வயது 39. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். நாய் கடித்திருக்குமோ, அதன் எச்சில் பட்டிருக்குமோ என்ற பயம் ஆறு வருடமாக என்னை ஆட்டுகிறது. நாய் கடிக்காமலேயே மூன்று முறை வெறிநாய்த் தடுப்பூசி முழுத் தவணையும் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தெருநாய் வந்து படுக்கும். அதனால் வெளியே போய்வந்தால் கிருமிநாசினி கலந்த நீரில் முழங்கால் வரை கழுவாமல் நிலைவாசலைத் தாண்டமாட்டேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும். கை வெடித்து ரத்தம் கசிகிறது. அந்த நாய் உயிரோடு இருக்கிறதா என்று பத்து நாள் கணக்கு வைத்து, தினமும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி நோய் என்றார் மனநல மருத்துவர். அதன் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோலில் 27 வந்தது. மாத்திரை குமட்டியதால் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். ஓர் ஆலோசகர் மணிக்கட்டில் ரப்பர் வளையம் மாட்டி, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிடச் சொன்னார். பலனில்லை. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் ஈ.ஆர்.பி. சிகிச்சை பற்றிப் படித்து, எளிதிலிருந்து கடினம்வரை நானே 15 படிகள் கொண்ட ஏணி எழுதி இணைத்துள்ளேன். கடைசிப் படி, தெருநாயின் வாயைத் தொடுவது. திட்டம் சரியா? நானே செய்து பார்க்கலாமா? என் ஆத்தா, "சுத்தமாக இருப்பதும் ஒரு நோயா?" என்கிறார்.

மனநல உளவியலாளரின் பதில்

உங்கள் ஏணியைப் படித்தேன். பதினைந்து படிகளும் நாயைப் பற்றியே இருக்கின்றன. கழுவுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. திட்டத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. கடைசிப் படியையும் அடித்துவிடச் சொல்லப் போகிறேன், அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

ஈ.ஆர்.பி. என்பதில் இரண்டு பாதிகள் உண்டு. பயப்படுவதை எதிர்கொள்வது ஒரு பாதி. எதிர்கொண்ட பிறகு வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது மறுபாதி. முதல் பாதியை நீங்கள் ஏற்கெனவே தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். திண்ணையைத் தாண்டாமல் வீட்டுக்குள் வர வழியில்லை, நாய் இல்லாத தெருவும் காரைக்குடியில் இல்லை. ஆறு வருட எதிர்கொள்ளலில் பயம் குறையாததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அடுத்த நிமிடமே கழுவிவிடுகிறீர்கள். கழுவியதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. உடனே மனம், 'கழுவியதால்தான் தப்பித்தோம்' என்று கணக்கெழுதிக்கொள்கிறது. கழுவாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு நீங்கள் ஒருநாளும் இடம் தரவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு முன்னோடியாக, 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர், லண்டனில் ஒரு மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளித்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். அங்கே செவிலியர்களின் முக்கிய வேலை, உடனிருந்து சடங்கைச் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வது. அறுபது வருடம் ஆகியும், நம் ஊரில் நான் பார்க்கும் திட்டத்தாள்களில் பெரும்பாலானவற்றில் ஏணி மட்டும் அழகாக இருக்கிறது, சடங்கைத் தடுக்கும் விதிகளுக்கு இடமே இல்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்துவிடுங்கள். எண்ணத்தை விரட்டச் சொல்லும் உத்தி ஈ.ஆர்.பி.க்கு நேர் எதிரானது. விரட்ட விரட்ட எண்ணம் திரும்பி வரும். போதாக்குறைக்கு, சுண்டுவதே புதிய சடங்காகிவிடும்.

பயத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

திட்டத்தின் முதல் வரி ஏணியாக இருக்கக் கூடாது. 'நான் கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறேன்?' என்ற கேள்விக்கு உங்கள் பதிலை அதில் எழுத வேண்டும். ஒரே மாதிரி கை கழுவும் இரண்டு பேருக்குள் இரண்டு வேறு பயங்கள் இருக்கலாம். ஒருவருக்குத் தான் செத்துவிடுவோம் என்ற பயம். இன்னொருவருக்குத் தன் அஜாக்கிரதையால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும், அந்தப் பழி தன் தலையில் விழும் என்ற பயம். உங்களைக் கழுவிக்கொள்வதைவிடப் பிள்ளைகளைக் கழுவ வைப்பதைப் பற்றித்தான் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது பயம்தான் உங்களுடையது என்று ஊகிக்கிறேன். நேரில் பேசித்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் அது சரியாக இருந்தால், நீங்கள் மட்டும் திண்ணையைத் தொடும் 15 படிகளையும் ஏறி முடித்தாலும் நோய் அசையாது. ஏணியில் பிள்ளைகள் வந்தாக வேண்டும்.

அடுத்தது பத்து நாள் கணக்கு. கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிப்பது, உண்மையான கடிக்குப் பிறகு மருத்துவர் பயன்படுத்தும் விதி. கடிக்காத நாய்க்கு அது பொருந்தாது. நீங்கள் அந்த விதியை எடுத்துச் சடங்காக்கிவிட்டீர்கள். பதினோராம் நாள் நாய் நன்றாக இருந்தால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் பத்தாம் நாள் மாலையே அது மறுபடி திண்ணைக்கு வந்து படுத்துவிட்டது, கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

திட்டம் எழுதுபவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்தூக்கியில் ஏறினால் மூச்சு முட்டும் என்று பயப்படுபவரை ஏற்றிவிட்டால், பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். வெறிநாய்க்கடியின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் வரும், அபூர்வமாக ஒரு வருடத்தையும் தாண்டும். ஆகவே 'எனக்கு வராது' என்பதை எந்தப் பயிற்சியும் இன்று மாலைக்குள் நிரூபிக்க முடியாது. அதை நிரூபிக்க முயலும் திட்டம் தோற்றுவிடும். சோதிக்க வேண்டிய கணிப்பு வேறு: 'கழுவாமல் உள்ளே போனால் ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டேன்', 'கடையில் வாடிக்கையாளரிடம் பேச முடியாது', 'இந்தப் பதற்றம் குறையவே குறையாது'. இவற்றுக்குச் சில மணி நேரத்தில் பதில் கிடைக்கும். உங்கள் தாளில் இவைதான் இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்துக்கு ஒரு விதிவிலக்கு

'வெறிநாய்க்கடி கற்பனை இல்லையே' என்று கேட்பீர்கள். கற்பனை இல்லைதான். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அதனால்தான் திட்டத்தில் மருத்துவ எல்லையைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். நாயைத் தொடுவது, அதற்குச் சோறு போடுவது, வெடிப்போ புண்ணோ இல்லாத தோலை அது நக்குவது ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் முதல் வகையில் வைத்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி தேவையில்லை. லேசான கீறல் இரண்டாம் வகை. தோலைத் துளைத்த கடி, திறந்த புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் படுவது ஆகியவை மூன்றாம் வகை. பின் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இந்தக் கிருமி வெயிலிலும் காய்ந்த இடத்திலும் தாங்காது. நாய் எழுந்துபோன திண்ணையைத் தொடுவது இந்த மூன்று வகையில் எதிலும் சேராது.

விதிவிலக்கை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: 'நாய் கடித்ததை அல்லது பிறாண்டியதை அந்த நேரத்திலேயே நான் உணர்ந்தால், அல்லது என் கண்ணெதிரே புண்ணில், கண்ணில், வாயில் எச்சில் பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவேன். முன்கூட்டியே பேசிவைத்த ஒரு மருத்துவர் சொல்வதே முடிவு. இரண்டாவது மருத்துவரிடம் கேட்கமாட்டேன்.' பிள்ளை வந்து கடித்தது என்று சொன்னாலும் இதே விதிதான். 'கடித்திருக்குமோ' என்று வீட்டுக்கு வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இந்த விதிவிலக்கில் வராது. அது நோயின் வேலை.

மேலே உள்ள பத்தியை ஒருமுறை படித்தால் போதும். இதைக் கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் படித்தால், நான் எழுதியதே உங்களுக்கு நாலாவது தடுப்பூசி ஆகிவிடும்.

கழுவும் விதிகள்

இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. விதியில் 'முடிந்தவரை குறைக்க வேண்டும்' என்ற சொல்லே கூடாது. நோய்க்குப் பேரம் பேச அது வழிவிடும். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எதைக் கொண்டு என்று எழுத வேண்டும். உங்களுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும், சாப்பாட்டுக்கு முன்னும், கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும் சாதாரண சோப்பால் 20 விநாடி கழுவலாம். வேறு எதற்கும் கிடையாது. கிருமிநாசினிப் புட்டி வீட்டிலேயே இருக்கக் கூடாது. குளியல் நாளுக்கு ஒருமுறை, பத்து நிமிடம், காலையில். மாலைக் குளியல் சிகிச்சைக் காலத்தில் இல்லை. 'எப்படியும் ராத்திரி குளித்துவிடுவோம்' என்ற நினைப்பு இருந்தால், பகல் முழுக்க எதைத் தொட்டாலும் மனம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

கால் கழுவுவதில் உங்கள் ஆத்தாவுக்கும் எனக்கும் வழக்கு வரும். வெளியே போய்வந்தால் முகப்பில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அதில் ஒரு நோயும் இல்லை. வழக்கத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, செய்யாமல் விட்டால் என்ன ஆகிறது என்று கவனிப்பதுதான். அவசரத்தில் கால் கழுவாமல் உள்ளே வந்துவிட்டால் ஆத்தா, 'அடடா' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நீங்கள் ஆத்தங்குடித் தரை முழுவதையும் கழுவி, பிள்ளைகளின் உடுப்பை ஊறவைத்து, ராத்திரி இரண்டு மணிக்கும் உட்கார்ந்திருப்பீர்கள். ஆத்தாவிடம் இதையே சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும். சிகிச்சைக் காலத்தில் உங்களுக்கு அந்த ஒரு செம்புத் தண்ணீரும் கிடையாது. சாதாரண அளவைவிடக் கொஞ்சம் கீழே இறங்கிப் பழகிய பிறகுதான் சாதாரண அளவில் நிலைக்க முடியும். சிகிச்சை முடிந்ததும், எல்லோரையும்போல ஒரு செம்பு ஊற்றிக்கொள்வதில் தடையில்லை.

விதி மீறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். மீறுவீர்கள், எல்லோரும் மீறுகிறார்கள். அதற்கான வரி: 'கழுவிவிட்டால், உடனே போய்த் திண்ணையை உள்ளங்கையால் தொட்டு, அதைச் சட்டையில் துடைத்துக்கொள்வேன்.' கழுவியதால் வந்த நிம்மதியை அந்த நிமிடமே ரத்து செய்வதுதான் இதன் நோக்கம். நாளை சரிசெய்யலாம் என்று தள்ளினால் பயனில்லை.

ஏணி, திருத்தப்பட்டது

முதல் படிக்கும் முன்பு உங்கள் கை ஆற வேண்டும். கிருமிநாசினியால் வெடித்த தோல் திறந்த புண்தான். தடுப்புக்காகச் செய்யும் சடங்கே தோலின் இயற்கைத் தடுப்பை உடைத்துவிட்டது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும்வரை, விலங்கைத் தொடும் படிகள் எதுவும் வேண்டாம். காய்ந்த தரையும் துணியும் சம்பந்தப்பட்ட படிகளைத் தொடங்கலாம்.

நீங்கள் 0 முதல் 100 வரை போட்டிருக்கும் பதற்ற மதிப்பெண்களை வைத்தே வரிசையை மாற்றுகிறேன். 30 இருப்பவை முதலில்: தெருவில் நடந்த செருப்பைக் கையால் எடுத்து வைப்பது, கால் கழுவாமல் முகப்பில் நிற்பது. 45-50: நாய் படுத்த இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது, கால் கழுவாமல் நிலைவாசல் தாண்டி வளவுக்குள் வருவது. 60-65: திண்ணையைத் தொட்ட கையால் இரண்டாங்கட்டில் உள்ள படுக்கை, தலையணை, பீரோக் கைப்பிடி எல்லாவற்றையும் தடவிவிடுவது. வீட்டுக்குள் 'சுத்தமான இடம்' என்று ஒன்று மிச்சமிருந்தால் அங்கே போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். அதனால் இந்தப் படி முக்கியம். 75-80: கடைச் சட்டையோடு சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்வது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக உள்ளே ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது. பிள்ளைகளிடம் 'அப்பச்சிக்குப் பயிற்சி' என்று மட்டும் சொன்னால் போதும். அவர்களைக் கருவியாக்கக் கூடாது, அவர்கள் பாட்டுக்கு இயல்பாக இருக்கட்டும்.

கடைசிப் படி, தெருநாயின் வாய் அல்ல. முன்பின் தெரியாத நாயின் வாயில் யார் கை வைத்தாலும் கடி வாங்க வாய்ப்புண்டு. சிகிச்சைக்காக யாரும் சாதாரண மனிதர் செய்யாத ஆபத்தைச் செய்ய வேண்டியதில்லை. தடுப்பூசி தவறாமல் போட்ட, தெரிந்தவர் வீட்டு வளர்ப்பு நாய், வெடிப்பில்லாத முன்கையை நக்கட்டும், பிறகு கழுவாமல் கடைக்குப் போங்கள். உச்சிக்கு அது போதும். ஏணி உயரமாக இருந்தால் சிகிச்சை பலமாகும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உச்சிப் படியைப் பார்த்தே முதல் படியில் கால் வைக்காதவர்கள்தான் அதிகம்.

இவற்றோடு, நேரில் செய்ய முடியாத பயத்துக்கு ஒரு கற்பனைப் பயிற்சியும் சேர வேண்டும். 'நான் கழுவாமல் விட்டேன். அதனால் அடுத்த வருடம் என் பிள்ளைக்கு நோய் வரலாம். வராமலும் போகலாம். அது இன்றைக்கு எனக்குத் தெரியப்போவதில்லை' என்று ஐந்து நிமிடம் உங்கள் குரலிலேயே பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்பது. கடைசியில் 'கடவுள் காப்பாற்றுவார்' என்று சேர்க்கக் கூடாது. பிள்ளையார்பட்டிக்குப் போவதை நான் தடுக்கவில்லை. இந்தப் பதிவுக்குள் மட்டும் பிள்ளையாரை அழைக்காதீர்கள்.

ஒரு பயிற்சி எப்படி நடக்கும்

45-50 மதிப்பெண் படிகள் இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். சேர்த்துச் செய்யும்போது பதற்றம் கூடும். மாலை ஆறு மணி, கடையிலிருந்து வந்திருக்கிறீர்கள். திண்ணையில் உட்காரும் முன்பே தாளில் எழுதுகிறீர்கள்: 'கணிப்பு: பதற்றம் 80க்குப் போகும். ஒரு மணி நேரம் ஆனாலும் குறையாது. சாப்பிட முடியாது.' பிறகு உட்கார்ந்து, நாய் படுத்த சிவப்புத் தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் முழுதாகப் பதிக்கிறீர்கள். விரல்நுனியால் தொட்டால் கணக்கில் வராது. அப்படியே கையை முழங்கையிலும் சட்டையிலும் தேய்த்துக்கொண்டு, கால் கழுவாமல் வளவுக்குள் போய் ஊஞ்சலில் உட்காருகிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பெண். 70, 75, 60, 65, 50 என்று ஏறி இறங்கும். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் இருங்கள்.

இறங்காமல் 65இலேயே நின்றாலும் பயிற்சி தோல்வி இல்லை. பயம் பாதியாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும் என்று முன்பு கற்றுக்கொடுத்தோம். இப்போது, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பதைத்தான் முக்கியமாகக் கருதுகிறோம். சாப்பாட்டுக்கு முன் 20 விநாடி கை கழுவலாம், அது விதியில் இருக்கிறது. கழுவியதும் மறுபடி சட்டையைத் தொட்டுவிட்டு இலையில் உட்காருங்கள். சாப்பிட்ட பிறகு எழுதுங்கள்: 'உச்சம் 75. ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டேன். விதிக்கு மேல் கழுவவில்லை.' அந்த ஒரு தோசைதான் அன்றைய பாடம். சாப்பிடவே முடியாது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா?

நாளுக்கு ஒரு மணி நேரம் வீட்டுப் பயிற்சி, சிகிச்சையாளரோடு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அமர்வு, மொத்தம் 12 முதல் 20 அமர்வுகள் என்பது வழக்கமான அளவு. ஒரே திண்ணையில் தேர்ச்சி பெற்று நின்றுவிடாமல் பஸ் நிலையம், கடைவீதி, உறவினர் வீட்டுத் திண்ணை என்று இடத்தை மாற்றுங்கள்.

பதற்றம் ஐந்தே நிமிடத்தில் 70இலிருந்து 15க்கு விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். எங்கோ ஒரு மறைமுகச் சடங்கு நடந்திருக்கிறது. கைக்குட்டையில் ஒரு துடைப்பு, 'நாய் அந்த ஓரத்தில்தானே படுத்தது' என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது, ஒரு கையை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப்பிடிப்பது, போனில் நாய்ப் படத்தைப் பார்ப்பது. அந்தப் படங்களை மனைவி முன்னால் அழிப்பது, உங்கள் ஏணியில் ஒரு தனிப் படி.

வீட்டார் செய்ய வேண்டியது

'நாய் என்மேல் படவில்லைதானே?' என்று நீங்கள் கேட்க, 'படவில்லை' என்று உங்கள் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார். அந்தப் பதிலும் ஒரு கிருமிநாசினிதான். நிறுத்த வேண்டும், ஆனால் திடீரென்றோ கோபத்திலோ அல்ல. அமர்வில் அவரும் இருக்கும்போது சிகிச்சையாளரோடு மூவரும் சேர்ந்து ஒரு பதிலை முடிவு செய்யலாம்: 'இதற்கு நான் பதில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம். கஷ்டமாக இருக்கிறது இல்லையா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.' பிள்ளைகளின் கால் கழுவுதல், உடுப்பு ஊறவைத்தல் ஆகியவற்றை எந்த வாரத்தில் எதை நிறுத்துவது என்று தேதி போட்டு எழுதுங்கள்.

அதேபோல, 'பயத்தைத் தெளிய வைக்கிறேன்' என்று மைத்துனரோ நண்பரோ நாயைத் தூக்கிவந்து உங்கள்மேல் விடக்கூடாது. நீங்கள் சம்மதித்த படி மட்டுமே பயிற்சி. சிகிச்சையாளரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர். உங்களைத் தொடச் சொல்வதை முதலில் அவர் தொட்டுக்காட்ட வேண்டும், நீங்கள் 'இன்று வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும்.

தனியாகச் செய்யலாமா?

27 என்பது கடுமையான பிரிவு (24 முதல் 31 வரை). லேசான நிலையில் இருப்பவர்கள் வழிகாட்டிப் புத்தகத்தோடு முயலலாம். உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். முக்கியக் காரணம் மறைமுகச் சடங்குகள். தன்னுடையதைத் தானே கண்டுபிடிப்பது கடினம். சாக வேண்டும் என்ற எண்ணமோ, தாளாத சோர்வோ இருந்தால் ஏணியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்த நேரமும் தமிழில் கிடைக்கும்.

மாத்திரையை விட்டதைக் குறை சொல்லமாட்டேன், குமட்டல் தொல்லைதான். ஆனால் ஓசிடிக்கு இந்த வகை மாத்திரைகள் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அளவும் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு வாரத்தில் குமட்டல் மட்டும்தான் தெரிந்திருக்கும், பலன் தெரிந்திருக்காது. குறைந்த அளவில் தொடங்கிச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாமா, வேறு மாத்திரை பொருந்துமா என்று உங்கள் மனநல மருத்துவரிடமே கேளுங்கள். பழைய சீட்டை வைத்து நீங்களாகத் தொடங்க வேண்டாம். பயிற்சிக்கு முன் பதற்றம் தணிக்கும் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும் கூடாது. சமாளித்தது நீங்களா மாத்திரையா என்று மனத்துக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள். முதல் சந்திப்பிலேயே, 'கழுவும் விதிகளை எழுதித் தருவீர்களா? அமர்வில் என்னோடு சேர்ந்து தொடுவீர்களா?' என்று கேளுங்கள். பேச்சும் மூச்சுப்பயிற்சியும் மட்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மதுரையிலோ விசாரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. காணொளி அமர்வும் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும், பயம் இருப்பது உங்கள் வாசலில்தானே! கடைக்காரர் ஆயிற்றே, ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தயங்கினால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பு தருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒய்-பாக்ஸ் அளவை எடுக்கச் சொல்லுங்கள். 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் 17 அல்லது அதற்குக் கீழ். 12க்குக் கீழே வந்து நிலைப்பதுதான் இலக்கு. எட்டாவது வாரத்திலும் 25இல் நின்றால், ஏணியைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுத வேண்டாம். முதலில் கழுவும் விதிகளின் தாளை எடுத்து, எந்த வரி தினமும் மீறப்படுகிறது என்று மனைவியையும் வைத்துக்கொண்டு பாருங்கள். பெரும்பாலும் அது மாலைக் குளியலாக இருக்கும்.